சம்பளத் தேதிக்கு ஏற்ப வாடகைத் தேதியை மாற்றக் கேட்பது

“அக்கா, யீஷூனில் வீவக வீட்டில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். 900 வெள்ளி, 1ஆம் தேதி கட்ட வேண்டும். ஒப்பந்தம் பிப்ரவரி 28 வரை. கம்பெனியில் சம்பளம் 7ஆம் தேதிதான் போடுகிறார்கள். வந்ததும் ஊருக்கு அனுப்பிவிடுகிறேன், மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. வாடகையை 10ஆம் தேதிக்கு மாற்றித் தரச் சொல்லி ஓனரிடம் கேட்கலாமா? தப்பாக நினைப்பாரா?”

கேட்கலாம் தம்பி. சிங்கப்பூரில் இது அபூர்வமான கோரிக்கை இல்லை. ஆனால் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். நான் வாடகைக்குக் குடியிருந்தும் இருக்கிறேன், இப்போது எங்கள் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டும் இருக்கிறோம். அதனால் எதிர்ப்பக்கத்தில் என்ன யோசிப்பார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை. 7ஆம் தேதி சம்பளம் போடுவது சட்டத்துக்கு உட்பட்டதுதான். வேலை நியமனச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து 7 நாளைக்குள் சம்பளம் வந்துவிட வேண்டும். மே மாதச் சம்பளத்தை ஜூன் 7 வரை போடலாம். இந்தச் சட்டம் 2019 ஏப்ரலிலிருந்து மேலாளர், நிர்வாகப் பதவிகளில் இருப்பவர்களுக்கும் பொருந்துகிறது. எல்லாருக்கும் ஒரே நாளில் சம்பளம் போடும் கம்பெனி உங்களுக்காக மட்டும் தேதியை மாற்றாது, அந்தக் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒருவேளை 7ஐயும் தாண்டி 12, 15 என்று இழுத்தால் அது வேறு பிரச்சினை. அதற்கு மனிதவள அமைச்சிடம் போக வேண்டும். வாடகைத் தேதியை எங்கே நகர்த்தினாலும் அது தீராது.

உங்கள் நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இங்கே வாடகை முன்கூட்டியே கட்டுவது, சம்பளம் மாதம் முடிந்த பிறகு வருவது. ஜூன் மாத வாடகையை ஜூன் 1 அன்று கட்டுகிறீர்கள். அன்று கையில் இருக்கக்கூடியது மே 7இல் வந்த பணம், அதாவது ஏப்ரலில் உழைத்த காசு. அதை மூன்றரை வாரம் தொடாமல் வைத்திருந்தால்தான் 1ஆம் தேதி 900 வெள்ளி நிற்கும். உங்களால் அப்படி வைத்திருக்க முடியும் என்றால் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. சம்பளம் வந்த அன்றே 900ஐ வேறொரு கணக்குக்கு மாற்றிவிட்டு மிச்சத்தை ஊருக்கு அனுப்பினால் போதும். ஆனால் வந்த முதல் வருடம் அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஏஜென்ட் கடன், தங்கையின் படிப்பு என்று ஊரில் ஏதோ ஒன்று 8ஆம் தேதியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அப்படி இருக்கும்போது தேதியை மாற்றக் கேட்பதுதான் சரி என்பேன்.

இனி ஓனர் பக்கம் வருவோம். “10ஆம் தேதி கட்டுகிறேன்” என்று மட்டும் சொன்னால் அவர் காதில் விழுவது, “ஒவ்வொரு மாதமும் ஒன்பது நாள் உங்கள் வீட்டில் கடனுக்கு இருக்கிறேன்” என்பதுதான். அவர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு வருட ஒப்பந்தத்துக்குப் பெரும்பாலும் ஒரு மாத வாடகைதான் டெபாசிட், உங்கள் கணக்கில் 900. ஒப்பந்தத்தில் வாடகை தாமதமானால் இத்தனை நாளில் நடவடிக்கை எடுக்கலாம் என்று ஒரு வரி இருக்கும், பல ஒப்பந்தங்களில் அது 7 நாள். இப்போதைய ஏற்பாட்டில் ஒருவர் வாடகை கட்டாமல் விட்டால், 8ஆம் தேதிக்குள் ஓனர் கேள்வி கேட்கலாம். அதுவரை ஓடியது ஏழு நாள், நாளுக்கு 30 வெள்ளி என்றால் 210. டெபாசிட் அதைத் தாராளமாகத் தாங்கும். தேதியை மட்டும் 10க்குத் தள்ளினால் அவர் கேள்வி கேட்கும் நாள் 17 ஆகிவிடும். அதற்குள் பதினாறு நாள் ஓடியிருக்கும், 480 வெள்ளி போயிருக்கும். டெபாசிட்டில் பாதிக்கு மேல். நல்ல பையன் என்று தெரிந்தாலும் யாரும் யோசிக்கத்தான் செய்வார்கள்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கட்டும் தேதியோடு வாடகைக் காலத்தையும் சேர்த்து நகர்த்திவிடுங்கள். அதாவது உங்கள் ‘மாதம்’ இனி 1 முதல் 30 வரை இல்லை, 10 முதல் அடுத்த 9 வரை. நடுவில் விடுபடும் ஒன்பது நாளுக்கு ஒரே ஒரு முறை தனியாகக் கட்ட வேண்டும். ஜூனில் 30 நாள், கணக்கு சுலபம். ஜூன் 1 அன்று, 1 முதல் 9 வரைக்கான 270 வெள்ளி. ஜூன் 10 அன்று முழு 900, அது ஜூலை 9 வரைக்கும். அதன்பின் ஒவ்வொரு 10ஆம் தேதியும் 900. இப்படிச் செய்தால் ஓனருக்கு எந்த நாளுக்கும் வாடகை பின்னால் வராது, எப்போதும் முன்கூட்டியேதான் வரும். மே 7இல் வரும் சம்பளத்திலிருந்து நீங்கள் பிடித்துவைக்க வேண்டியதும் 900 இல்லை, 270 மட்டுமே.

பலர் கோட்டைவிடுவது கடைசி மாதத்தில். ஜனவரி 10இல் கட்டும் 900 பிப்ரவரி 9 வரை வரும். பிப்ரவரி 10 முதல் 28 வரை மீதி பத்தொன்பது நாள். அதை பிப்ரவரியின் 28 நாளால் வகுத்துக் கணக்கிட்டால் 610 வெள்ளி 71 காசு வருகிறது. ஓனர் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் 19 வெள்ளி சொச்சம் குறையும், அங்கே ஒரு மனக்கசப்பு. ஆகவே நாள் கணக்குப் பார்க்காதீர்கள். தொடக்கத்தில் 270 கட்டியதால் கடைசியில் 630 என்று இப்போதே எழுதிவிடுங்கள். 270, நடுவில் எட்டு முறை 900, கடைசியில் 630. கூட்டினால் 8,100. ஜூன் முதல் பிப்ரவரி வரை ஒன்பது மாதத்துக்குப் பழைய முறையிலும் அதே 8,100தான். ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மொத்தம் மாறாமல் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒப்பந்தம் போட்டபோது முத்திரைத் தீர்வை கட்டியிருப்பீர்கள். நான்கு வருடத்துக்கு உட்பட்ட ஒப்பந்தத்துக்கு அது மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. வாடகையோ ஒப்பந்தக் காலமோ கூடினால்தான் மறுபடி கணக்குப் பார்க்க வேண்டிவரும்.

ஏன் 8 வேண்டாம், 10 என்று நீங்கள் சொன்னதே சரி என்றால், 7ஆம் தேதி சனி ஞாயிறில் விழலாம், கம்பெனி ஒரு நாள் தாமதிக்கலாம். இரண்டு மூன்று நாள் இடைவெளி இருந்தால் மூச்சுவிட முடியும். அதற்கும் மேல் தள்ளிக் கேட்காதீர்கள். 15 என்று கேட்டால் சம்பளத் தேதிக்காகக் கேட்கிறீர்கள் என்ற நியாயம் அடிபட்டுப் போகும்.

கேட்கும் நேரம் முக்கியம். ஒரு மாதம் தாமதமாகக் கட்டிவிட்டு, அந்தச் சூட்டோடு கேட்கவே கூடாது. மே வாடகையைச் சரியாக 1ஆம் தேதி கட்டுங்கள், இரண்டு மூன்று நாள் கழித்துக் கேளுங்கள். ஏஜென்டிடம் சொல்லி அனுப்ப வேண்டாம், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ஓனரிடமே கேளுங்கள். தமிழ் ஓனர் என்றால் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதலாம்:

“வணக்கம் அங்கிள். மே மாத வாடகை அனுப்பிவிட்டேன். ஒரு வேண்டுகோள். எனக்குக் கம்பெனியில் 7ஆம் தேதிதான் சம்பளம் வருகிறது. ஜூன் முதல் வாடகைத் தேதியை 10ஆக மாற்றிக்கொள்ள முடியுமா? ஜூன் 1 அன்று, 1 முதல் 9 வரைக்கான 270 வெள்ளியைக் கட்டிவிடுவேன். பிறகு ஜனவரி வரை ஒவ்வொரு 10ஆம் தேதியும் 900, பிப்ரவரி 10 அன்று மீதி 630. மொத்த வாடகை மாறாது, எப்போதும் முன்கூட்டியே வந்துவிடும். உங்களுக்குச் சரி என்றால் ஒரு பக்கக் கடிதம் எழுதிக்கொண்டு வருகிறேன்.”

கூடவே சம்பளச் சீட்டைக் காட்டத் தயாராக இருங்கள். சம்பளம் கொடுத்த தேதி அதில் இருக்க வேண்டும் என்பது விதி. தொகையை மறைத்துவிட்டுத் தேதியை மட்டும் காட்டினாலும் தப்பில்லை.

அவர் “சரிப்பா, பார்த்துக்கலாம்” என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் அதோடு நிறுத்தாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு மகன் பொறுப்பெடுத்துக்கொள்ளலாம், ஏதாவது மனத்தாங்கல் வரலாம். அப்போது ஒப்பந்தத்தில் 1ஆம் தேதி என்று இருக்க, எல்லா மாதமும் 10ஆம் தேதி கட்டிய ஆளாக நீங்கள் நிற்பீர்கள். கடிதத்தில் பழைய ஒப்பந்தத்தின் தேதி, வீட்டு முகவரி, வாடகைத் தேதி சொல்லும் ஷரத்தின் எண், புதிய தேதி, 270, 630 ஆகிய இரண்டு தொகைகள், தாமத நாள்கள் இனி 10இலிருந்தே எண்ணப்படும் என்ற வரி, மற்றதெல்லாம் பழையபடியே என்ற வரி, இவ்வளவு போதும். இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாமத வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள், பின்னால் சண்டை வந்தால் அங்கேதான் வரும்.

மறுத்தால்? அவர் வீட்டுக் கடன் தவணை 5ஆம் தேதி போகலாம், உங்கள் வாடகையை நம்பித்தான் அதைக் கட்டலாம். அது அவருடைய நெருக்கடி, வற்புறுத்த நமக்கு உரிமை இல்லை. பாதியை 1ஆம் தேதியும் பாதியை 10ஆம் தேதியும் கட்டலாமா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அதற்கும் இல்லை என்றால், பிப்ரவரியில் புதுப்பிக்கும் பேச்சு வரும்போது மறுபடி கேளுங்கள். ஓர் அறைக்குப் புது ஆள் தேடுவது ஓனருக்கும் அலைச்சல்தான், அப்போது உங்கள் பேச்சுக்கு எடை அதிகம். அதுவரை மாதம் நூறு, நூற்றைம்பது என்று ஒதுக்கி, அந்த 900ஐ ஒரு முறை சேர்த்துவிடப் பாருங்கள்.

சம்மதித்தால் வங்கிச் செயலியில் ஒரு வேலை பாக்கி இருக்கும். மாதாமாதம் 1ஆம் தேதி தானாகப் போகும்படி வைத்திருந்தால் அதை மே மாதத்திலேயே ரத்து செய்யுங்கள். புதிதாக 10க்கு ஒன்று போட்டுவிட்டுப் பழையதை மறந்தால், ஜூன் 1 அன்று முழு 900ம் ஓடிவிடும். ஜூன் 1இன் 270ஐ பேநவ்வில் நீங்களே கைப்பட அனுப்புங்கள். குறிப்பு எழுதும் இடத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரைக்கான வாடகை என்று போட்டு, திரையைப் படம் எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள்.