எந்த விளம்பரம் ஆளைக் கொண்டுவந்தது?

"நோட்டீசும் கொடுக்கிறேன், இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் போடுகிறேன். எதைப் பார்த்து ஆள் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு தனி கூப்பன் குறியீடு கொடுங்கள். சலவைக்குப் போகும் துணியில் வீட்டுக்கு ஒரு குறி இருக்குமே, அதே வேலைதான். வாய்விட்டுக் கேட்டால் "யாரோ சொன்னாங்க" என்பார்கள். பில்லில் விழும் குறியீடு சரியாகச் சொல்லிவிடும்.

புதுச்சேரி நேரு வீதியில் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கொடுத்த நோட்டீசில் MANJA10, இன்ஸ்டாகிராமில் INSTA10. தள்ளுபடி இரண்டுக்கும் அதே 10 சதவீதம். அதையும் மாற்றினால், ஆளை இழுத்தது விளம்பரமா சலுகையா என்று பிரிக்க முடியாது.

நோட்டீசுக்கு 3,000 ரூபாய் செலவு, 20 பில். இன்ஸ்டாவுக்கு 1,500 ரூபாய், 30 பில். இன்ஸ்டா ஜெயித்துவிட்டதா? மொபைல் எண்ணைப் பழைய பில்களோடு ஒப்பிட்டால், நோட்டீசில் 15 பேர் புதியவர்கள், இன்ஸ்டாவில் 6 பேர்தான். அப்படியானால் ஒரு புது ஆளைக் கொண்டுவர நோட்டீசுக்கு 200 ரூபாய், இன்ஸ்டாவுக்கு 250.

கல்லாவில் இருக்கும் தம்பி, கூப்பன் இல்லாதவருக்கும் இரக்கப்பட்டு MANJA10 அடித்துவிட்டால் இந்தக் கணக்கே காலி. ஒரே நாளில் ஒரு குறியீடு திடீரெனக் குவிந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

அதிகம் பயன்பட்ட குறியீடுதான் நல்ல விளம்பரம் என்று பலர் நினைக்கிறார்கள். கூப்பன் இல்லாவிட்டாலும் வாங்கியிருக்கக்கூடிய பழைய வாடிக்கையாளர்களும் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறார்கள்.