எஸ்.பி.எம். சான்றிதழில் விழுந்த கை நிழல்

"சார், சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மகனின் எஸ்.பி.எம். சான்றிதழைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கைப்பேசியில் எடுத்தேன். படம் கோணல், கீழ்ப்பாதியில் என் கை நிழல். கான்ட்ராஸ்டைக் கூட்டினால் நிழல் கறுத்து கிரேடே தெரியவில்லை. அசலை மகன் ஜொகூருக்குக் கொண்டுபோய்விட்டான். இந்தப் படத்தையே சரிசெய்ய முடியுமா?"

முடியும். கான்ட்ராஸ்டை முதலில் தொட்டதுதான் தப்பு. நிழலுக்குள் இருக்கும் தாளும் சாம்பல் நிறம்தான், வெளிச்சத்தில் இருக்கும் எழுத்தும் கிட்டத்தட்ட அதே சாம்பல்தான். கான்ட்ராஸ்டுக்கு இரண்டும் ஒன்று. அதனால் முதலில் கோணல், அப்புறம் நிழல், கடைசியில்தான் கான்ட்ராஸ்ட். மடிக்கணினியில் ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள் போதும், இலவசம்.

தாளின் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிடக் குறுகலாக இருந்தால் படத்தைச் சுழற்றிப் பயனில்லை. Perspective கருவியை எடுத்து, Direction என்ற இடத்தில் Corrective வைத்து, நான்கு மூலைகளையும் தாளின் நான்கு மூலைகளில் பொருத்துங்கள். தாள் நிமிர்ந்து படம் முழுக்க நிரம்பும். ஆனால் எழுத்து கொஞ்சம் குண்டாகத் தெரியும். கைப்பேசிப் படம் பெரும்பாலும் 3:4, ஏ4 தாள் அதைவிட நீளம். Scale Image-இல் சங்கிலிக் குறியைக் கழற்றிவிட்டு 2480 × 3508 என்று கொடுத்தால் சரியாகிவிடும்.

இனி நிழல். லேயரை நகலெடுத்து, மேல் நகலுக்கு Gaussian Blur 80 கொடுங்கள். எழுத்தெல்லாம் கரைந்து, எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் என்பது மட்டும் மிஞ்சும். அந்த லேயரின் Mode-ஐ Divide ஆக்குங்கள். ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றியுள்ள வெளிச்சத்தால் வகுபடுவதால், நிழலில் கிடந்த தாளும் வெளுத்துவிடும். விளக்கின் மஞ்சளும் கூடவே போகும். தாளுக்கே இளநிறம் இருந்தால் அதுவும் போய்விடும், அதனால் மூலப் படத்தை அழிக்காதீர்கள்.

80 என்பது தொடக்கம்தான். ஒருமுறை நான் 15 வைத்துவிட்டேன். சின்ன எழுத்துகள் பளிச்சென்று வந்தன, மேலே இருந்த சின்னம் மட்டும் நடுவில் வெளிறி ஓட்டையாக நின்றது. அப்படி வந்தால் எண்ணைக் கூட்டுங்கள். நிழலின் விளிம்பு கோடாக மிஞ்சினால் குறையுங்கள்.

பிறகு இரண்டு லேயரையும் Flatten Image மூலம் ஒன்றாக்கி, Levels-இல் இடது முக்கோணத்தை மட்டும் 60 வரை நகர்த்துங்கள். வலது முக்கோணத்தைத் தொட்டால் முதலில் காணாமல் போவது மங்கலான கையெழுத்தும் முத்திரையும்தான். தனிக் கறுப்பு வெள்ளையாகவும் மாற்ற வேண்டாம்.

பிளாஸ்டிக் உறையில் விளக்கு பட்டு வெள்ளையாகப் பூத்த இடம் இருந்தால் அதற்கு மருந்தில்லை, அங்கே எழுத்தே பதிவாகவில்லை. பிரஷ் எடுத்து நீங்களே எழுதிவிடாதீர்கள், அது வேறு கேஸ்! மகனிடம் சொல்லி, விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.