பெயர் இருக்கிறது, டிக்கெட் இல்லை

வெளிநாடு போகும்போது 72 மணி நேரத்துக்கு முன் விமான நிறுவனத்துக்குப் போன் செய்து "வருகிறேன்" என்று சொல்ல வேண்டும் என்கிறார் அப்பா. இன்னுமா அப்படி?

உங்கள் அப்பா சொல்வது ஒரு காலத்தில் முழு உண்மை. குறிப்பாகத் திரும்பி வரும் விமானத்துக்குச் சொல்லாமல் விட்டால் சீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். 2008 ஜூனில் காகித டிக்கெட் முறை கிட்டத்தட்ட முடிவுக்கு வந்தது. இன்று பெரிய நிறுவனங்களில் யாரும் இதைக் கேட்பதில்லை. நேரடியாக அவர்கள் தளத்தில் வாங்கியிருந்தால் ஆன்லைன் செக்-இன் முடித்தாலே போதும், போன் வேண்டாம்.

ஏஜென்ட் மூலம் நான்கு மாதம் முன்பே வாங்கினேன். திரும்பும் விமானம் 14-ம் தேதி இரவு 11.50. கவுண்டரில் "உங்கள் பெயர் இருக்கிறது, டிக்கெட் இல்லை" என்றார்கள். புதிதாக வாங்கித்தான் ஏறினேன். என் தப்பா?

இல்லை. உங்களுக்கு நடந்தது அநியாயம், அது எப்படி நடந்திருக்கும் என்று சொல்கிறேன்.

முன்பதிவு வேறு, டிக்கெட் வேறு. பிஎன்ஆர் என்கிற ஆறு எழுத்துக் குறியீடு முன்பதிவுக்கானது. நீங்கள் கொடுத்த பணத்துக்குச் சாட்சி 13 இலக்க டிக்கெட் எண். இரண்டும் ஒரே விமானத்தை, ஒரே தேதியைக் காட்ட வேண்டும். உங்கள் விமானத்தை அரை மணி தள்ளி 12.20 ஆக்கியிருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ராத்திரிதான், ஆனால் கணினிக்கு அது 15-ம் தேதி. முன்பதிவில் பழைய விமானத்தின் மேல் UN, அதாவது இனி இது இல்லை என்று விழும், புதியது TK, அதாவது மாறிய நேரம் என்று வந்து உட்காரும். அந்தத் தகவல் ஏஜென்டின் திரைக்குப் போகும். அவர் மாற்றத்தை ஏற்று, டிக்கெட்டையும் புதிய தேதிக்கு மாற்றித் தர வேண்டும். இதற்குப் பெரும்பாலும் பணம் கூடக் கட்ட வேண்டாம். அவர் அதைத் தொடவே இல்லையென்றால், முன்பதிவில் 15, டிக்கெட்டில் 14 என்று நிற்கும், கவுண்டரில் இருப்பவர் கையை விரிப்பார்.

சரி, உங்களுக்கு ஏன் தெரியவில்லை? இங்கேதான் எனக்குக் கோபம் வரும். பல ஏஜென்ட்கள் முன்பதிவில் உங்கள் போன் எண்ணையும் மின்னஞ்சலையும் போடுவதே இல்லை, தங்களுடையதைப் போடுகிறார்கள். வாடிக்கையாளர் நேரே விமான நிறுவனத்திடம் போய்விடக் கூடாதாம்! மலிவாகக் கிடைக்கிறதே என்று நானும் ஒரு தளத்தில் வாங்கி, என் பதிவைத் திறந்து பார்த்தால் யாரோ ஒருவருடைய மின்னஞ்சல் இருந்தது, விமான நேரம் மாறிய தகவல் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தது.

அதனால் ஏஜென்டிடம் வாங்கியவர்களுக்கு மட்டும் பழைய பழக்கம் இன்னும் தேவை. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு தடவை, மூன்று நாள் முன்பு ஒரு தடவை, பிஎன்ஆரையும் பெயரையும் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போட்டுப் பாருங்கள். நேரம், தேதி, டிக்கெட் எண் மூன்றும் தெரிய வேண்டும். உங்கள் போன் எண்ணை அங்கேயே சேர்த்துவிடுங்கள். டிக்கெட் எண் தெரியவில்லையென்றால் நிறுவனத்துக்குப் போன் செய்து, "பிரயாணத்தின் எல்லா விமானங்களுக்கும் டிக்கெட் சரியாகப் பொருந்தியிருக்கிறதா?" என்று கேளுங்கள். "கன்ஃபர்ம் ஆகியிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் முன்பதிவைப் பார்த்து "ஆமாம்" என்று வைத்துவிடுவார்கள். ஒரு வாரம் ஏன் என்றால், டிக்கெட்டை மாற்ற ஏஜென்ட் இரண்டு நாள் இழுத்தாலும் சமாளிக்க நேரம் இருக்கும்.

பணத்துக்கு: பயன்படுத்தாத பழைய டிக்கெட்டின் தொகையையும் புதிய டிக்கெட்டுக்கான கூடுதல் செலவையும் ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். நேரம் எப்போது மாறியது, தகவல் யாருக்குப் போனது என்று விமான நிறுவனத்திடம் எழுதி வாங்கி இணையுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் புகார் செய்யுங்கள்.

ஏஜென்ட் அனுப்பிய பிடிஎஃப்-ல் HK, கன்ஃபர்ம்ட் என்று இருக்கிறது. போதாதா?

போதாது. HK முன்பதிவைப் பற்றித்தான் சொல்கிறது. 13 இலக்க எண்ணைத் தேடுங்கள், அது இல்லையென்றால் டிக்கெட்டே போடாமல் சீட்டை மட்டும் பிடித்து வைத்திருக்கலாம், கெடு முடிந்ததும் அது தானாக ரத்தாகிவிடும்.

ஏதோ "நேர மாற்றம், ஏற்கவும்" என்று மின்னஞ்சல் வந்தது. விளம்பரம் என்று விட்டுவிட்டேன். இணைப்பு விமானம் போய்விட்டது. நஷ்ட ஈடு கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள். ஆனால் மின்னஞ்சல் உங்களுக்கே வந்திருக்கிறது, அதையும் அவர்கள் எடுத்துக் காட்டுவார்கள்.

தீவுக்குப் போகும் சின்ன விமானம். டிக்கெட்டிலேயே "மறுஉறுதி அவசியம்" என்று அச்சாகியிருக்கிறது. பழைய படிவமாக இருக்குமோ?

இருக்கலாம். இருந்தாலும் போன் செய்யுங்கள். பத்துப் பதினைந்து பேர் ஏறும் விமானத்தில் எடையும் வானிலையும் பார்த்து நேரத்தை முதல் நாள்கூட மாற்றுவார்கள், சார்ட்டர் விமானங்களும் அப்படித்தான். பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் எந்த எண்ணில் உங்களைப் பிடிக்கலாம் என்பதையும் சொல்லிவிட்டுப் போனை வையுங்கள்.