‘என்.ஏ.பி.எல். தெரியும்’ என்று எழுதினால் எத்தனை மதிப்பெண்?

கேள்வி: டி.எம்.எல்.டி. முடித்து நான்கு ஆண்டுகளாக ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இல்லை. ஒரு பெரிய பரிசோதனை மையம் ‘முழுத் தானியங்கி பயோகெமிஸ்ட்ரி அனலைசர், 5-பார்ட் செல் கவுன்ட்டர் அனுபவம், என்.ஏ.பி.எல். அறிவு’ கேட்டு விளம்பரம் கொடுத்திருக்கிறது. என் ரெஸ்யூமேயில் ‘அனலைசர், செல் கவுன்ட்டர் கையாளத் தெரியும். தரக் கட்டுப்பாடு செய்திருக்கிறேன். என்.ஏ.பி.எல். பற்றித் தெரியும்’ என்று எழுதியிருக்கிறேன். இரண்டு முறை அனுப்பியும் அழைப்பு வரவில்லை. இதற்கு எவ்வளவு மதிப்பெண் போடுவார்கள்?

பதில்:

நான் போட்டால் 100-க்கு 40. அழைப்புக்கு நான் வைத்திருக்கும் கோடு 60. ஒவ்வொரு மையமும் தனக்கென்று ஒரு தாள் வைத்திருக்கும். ஆய்வகத் தரப் பிரிவில் இருந்துகொண்டு ரெஸ்யூமேக்களைப் பிரிக்கும் நான் வைத்திருப்பது இது: படிப்புக்கு 15, கருவிகளுக்கு 45, தரக் கட்டுப்பாடும் அங்கீகாரமும் சேர்ந்து 30, ரத்தம் எடுத்தல், ஷிப்ட், கணினிப் பதிவு ஆகியவற்றுக்கு 10. படிப்பில் உங்களுக்கு முழு 15. கடைசிப் பத்தில் 7 என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் தோற்பது நடுவில் இருக்கும் 75-இல். அங்கே கிடைத்தது வெறும் 18.

பயோகெமிஸ்ட்ரிக்கு உள்ள 25-இல் உங்களுக்கு 8 போட்டேன். ‘கையாளத் தெரியும்’ என்ற சொல், சாம்பிளை வைத்துப் பொத்தானை அழுத்துபவருக்கும் பொருந்தும். காலையில் கருவியை எழுப்பி, கன்ட்ரோல் ஓட்டி, தவறினால் காரணம் தேடி, பிறகுதான் நோயாளியின் சாம்பிளைத் தொடுபவருக்கும் பொருந்தும். நான் தேடுவது இரண்டாமவரை. கருவியின் மாடல் பெயர், ஒரு நாளைக்கு ஏறக்குறைய எத்தனை சாம்பிள், காலிபரேஷன் யார் செய்தார், எந்தப் பராமரிப்பு உங்கள் பொறுப்பு. இந்த நான்கும் இரண்டு வரியில் இருந்தால் 20 வரை போட்டுவிடுவேன். மாடல் வேறாக இருந்தாலும் பெரிதாகக் குறைக்க மாட்டேன். ஒரு கம்பெனியின் அனலைசரை உண்மையாகவே ஓட்டியவர் இன்னொன்றை விரைவில் பழகிக்கொள்வார்.

செல் கவுன்ட்டரில் நிலைமை வேறு. சிறிய ஆய்வகங்களில் பெரும்பாலும் 3-பார்ட்தான் இருக்கிறது. உங்களிடமும் அதுவாகவே இருக்கும் என்று எண்ணுகிறேன். அது வெள்ளணுக்களை அளவை வைத்து மூன்று கூட்டமாகப் பிரிக்கிறது: லிம்ஃபோசைட், நடுத்தர அணுக்கள், கிரானுலோசைட். ஈசினோஃபில்லைத் தனியாகச் சொல்லாது. 5-பார்ட் கருவி பெரும்பாலும் ஒளிச்சிதறலையும் பயன்படுத்தி ஐந்து வகையையும் பிரித்துத் தருகிறது. இதை மறைத்து வெறுமனே ‘செல் கவுன்ட்டர்’ என்று எழுதியதால் 20-க்கு 5. ‘3-பார்ட், நடுத்தர அணுக்கள் உயர்ந்தாலோ கருவி எச்சரித்தாலோ ஸ்மியர் போட்டு, கையால் எண்ணிச் சரிபார்ப்பேன்’ என்று எழுதியிருந்தால் 11. இல்லாத கருவிக்கு முழு மதிப்பெண் கிடைக்காது. ஆனால் கருவி எங்கே திணறும் என்று தெரிந்தவர் என்பது எனக்குப் புரிந்துவிடும்.

அங்கீகாரப் பகுதியில் 30-க்கு 5 மட்டும் போட்டேன். என்.ஏ.பி.எல். என்ற சொல்லை எழுதாத ரெஸ்யூமே அரிது. அதனால் சொல்லுக்கு மதிப்பில்லை. மருத்துவ ஆய்வகத்துக்கு உரிய தரநிலை ஐ.எஸ்.ஓ. 15189, இப்போது நடப்பில் இருப்பது 2022 பதிப்பு. வருகிற ரெஸ்யூமேக்களில் 17025 என்று எழுதியவர்கள் உண்டு. அது பொதுவான சோதனை, அளவுத்திருத்த ஆய்வகங்களுக்கானது. மருத்துவமனைக்கான என்.ஏ.பி.எச்.-உடன் குழப்பியவர்களும் உண்டு. எண்ணைச் சரியாக எழுதியவருக்கு நான் கொஞ்சம் கூட்டுவேன், அதிகம் அல்ல. ஏன் என்றால் அதில் ஒரு முறை நன்றாகச் சூடு பட்டிருக்கிறேன்.

15189-ஐ உட்பிரிவு எண்களோடு அழகாக எழுதியிருந்த ஒருவரை 80-க்கு மேல் மதிப்பெண் போட்டு எடுத்தோம். இரண்டாம் நாள் காலை குளுக்கோஸ் கன்ட்ரோல் எல்லைக்கு வெளியே வந்தது. அவர் அதையே மீண்டும் ஓட்டினார், மீண்டும் ஓட்டினார், உள்ளே வந்த மூன்றாவது எண்ணை மட்டும் பதிவேட்டில் எழுதினார். தாளில் எனக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அன்றிலிருந்து மதிப்பெண் போட்ட பிறகு தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்.

அது இதுதான்: ‘குளுக்கோஸ் கன்ட்ரோலின் சராசரி 100, எஸ்.டி. 3. நேற்று 107 வந்தது, இன்று 108. என்ன செய்வீர்கள்?’ இரண்டு எஸ்.டி. எல்லை 94 முதல் 106 வரை. ஒரே ஒரு முறை அதைத் தாண்டினால் தற்செயலாக இருக்கலாம். சரியாக ஓடும் கருவியிலும் ஏறக்குறைய இருபதில் ஒரு முறை அப்படி நேரும். அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே பக்கம் தாண்டினால் அது வெஸ்ட்கார்ட் விதிகளில் ஒன்று. ஏதோ ஒன்று நிலையாக விலகியிருக்கிறது. குளுக்கோஸ் ரிசல்ட் வெளியே போகக் கூடாது. அடுத்து, அதே கன்ட்ரோலில் யூரியா, கொலஸ்ட்ரால் எப்படி என்று பார்க்க வேண்டும். எல்லாமே ஆறேழு சதவீதம் ஏறியிருந்தால் கருவியை விட்டுவிட்டு கன்ட்ரோலைச் சந்தேகியுங்கள்: 5 மி.லி. நீர் விட வேண்டிய பொடியில் 4.7 விட்டிருந்தால் இப்படித்தான் எல்லாம் சேர்ந்து ஏறும். குளுக்கோஸ் மட்டும் ஏறியிருந்தால் அதன் ரீஏஜென்ட், காலிபரேஷன் பக்கம் போக வேண்டும். கண்டதை, செய்ததை, மறுபடி ஓட்டிய கன்ட்ரோல் மதிப்பை எழுதி வைக்க வேண்டும். அங்கீகார ஆய்வுக்கு வருபவர் கேட்பதும் அந்தப் பதிவேட்டைத்தான்.

இதற்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் இருந்திருக்க வேண்டியதில்லை என்பதைக் கவனித்தீர்களா? உங்கள் ஆய்வகத்தில் தினமும் கன்ட்ரோல் ஓட்டி லெவி-ஜென்னிங்ஸ் வரைபடம் போடுகிறீர்கள் என்றால் அதை எழுதுங்கள். வேலூர் சி.எம்.சி. நடத்துவது போன்ற வெளித் தர மதிப்பீட்டுத் திட்டம் எதிலாவது உங்கள் ஆய்வகம் சேர்ந்திருந்தால், அந்த மாதிரியை ஓட்டியது நீங்களா, முடிவு விலகி வந்தபோது என்ன செய்தீர்கள் என்று ஒரு நிகழ்ச்சியை எழுதுங்கள். கூடவே, ‘ஆய்வகம் அங்கீகாரம் பெறவில்லை’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். இதற்கு நான் 21 போடுவேன். மீதி 9 ஆய்வாளர் முன் நின்றவருக்கானது, அதை எழுத்தால் வாங்க முடியாது.

கூட்டிப் பாருங்கள்: 15, 20, 11, 21, 7. மொத்தம் 74. புதிதாக எதையும் படிக்காமலேயே 34 ஏறியிருக்கிறது. ஒன்றே ஒன்று, நான் மேலே எழுதியதில் நீங்கள் செய்யாதது எதுவோ அதை ரெஸ்யூமேயில் சேர்க்காதீர்கள். காலிபரேஷனைக் கம்பெனி இன்ஜினியர்தான் செய்தார் என்றால் அப்படியே எழுதுங்கள், நான்கைந்து மதிப்பெண் போகும், அவ்வளவுதான். செய்ததாக எழுதிவிட்டு, தொலைபேசியில் ‘எத்தனை நாளுக்கு ஒரு முறை, எதை வைத்து?’ என்று கேட்கும்போது மௌனமானால், அந்தத் தாளை நான் மறுபடி எடுப்பதில்லை.