ஈரத் தூளும் இரண்டு நாள் கோர்ஸும்: வாசகர் கேள்விகள்

கோத்தகிரி பக்கம் தேயிலை ஃபேக்டரி எங்களுடையது. தூளில் ஈரம் அதிகம் என்று ஏலத்தில் விலை இறங்குகிறது. டிரையர் பிரிவின் 12 பேரையும் இரண்டு நாள் கோர்ஸுக்கு அனுப்பலாமா?

இப்போது வேண்டாம். டிரையரை விட்டு வரும் தூளில் ஈரம் 3 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது உங்கள் ஆட்களுக்குத் தெரியாததால் இப்படி ஆகிறதா, தெரிந்தும் ஆகிறதா? அதை முதலில் பாருங்கள்.

குன்னூர் பக்கம் ஒரு ஃபேக்டரிக்கு இதே வேலையாகப் போனேன். இரண்டு மாத ஈரப்பதிவு நோட்டை எடுத்து, ஈரம் எகிறிய தேதிகளைப் பென்சிலால் வட்டமிட்டேன். மொத்தம் 18. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஷிப்ட், ஆள், அன்றைய மழை எல்லாம் எழுதினோம். 11 வட்டங்கள் மழை நாட்களில் விழுந்தன. எந்த ஷிப்ட் என்ற வித்தியாசமே இல்லை. விறகுக் கொட்டகைக் கூரை ஒழுகியது. நனைந்த விறகில் சூடு எங்கே ஏறும்? அதற்குப் பயிற்சி எதற்கு, நாலு தகரம் போதும்.

மீதி 7-ம் இரவு ஷிப்டில், புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் நின்ற நாட்கள். ஒரு இரவு அவர்களோடு நின்று பார்த்தேன். உள்ளே போகும் காற்றின் சூட்டை ஒழுங்காகக் குறித்தார்கள். வெளியேறும் காற்றின் முள்ளை ஏறிட்டும் பார்க்கவில்லை. கேட்டால், "அது எதுக்குண்ணா?" டிரையருக்குள் இலை கனமாக விழ ஆரம்பித்தால் முதலில் இறங்குவது அந்த முள்தான். பகல் ஷிப்டின் மூத்த ஆளை நான்கு இரவுகள் அவர்கள் பக்கத்தில் நிறுத்தினோம். கோர்ஸ் தேவைப்படவில்லை.

ஊட்டியில் ஹோட்டல் நடத்துகிறேன். என்ன பயிற்சி வேண்டும் என்று ஊழியர்களிடம் படிவம் கொடுத்தேன். பாதிப்பேர் 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' என்று எழுதிவிட்டார்கள்.

என்னிடம் கொடுத்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். நீங்கள் கேட்டது ஆசையை. அதற்குப் பதில், "போன வாரம் எந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டி வந்தது? யாரைக் கூப்பிட்டு உதவி கேட்டாய்?" என்று கேளுங்கள். பதிலைப் புகார் நோட்டோடு ஒப்பிடுங்கள். சனிக்கிழமை செக்-இன் தாமதம் என்றே புகார் வந்தால், ரூம் தயாரான தகவல் கீழே எப்போது வருகிறது என்று விசாரியுங்கள். இங்கிலீஷ் அப்புறம்.

கொடைக்கானலில் சின்ன அலுவலகம், ஆறு பேர். அடுத்த மாதம் புது பில்லிங் மென்பொருள் வருகிறது. பழைய பதிவே இல்லாமல் தேவையை எப்படிக் கண்டுபிடிப்பது?

மென்பொருளில் அவர்கள் செய்ய வேண்டிய வேலைகளை எழுதுங்கள்: பில் போடுவது, ரத்து செய்வது, நாள் கணக்கை முடிப்பது. சோதனைப் பதிப்பில் ஒவ்வொருவரையும் தனியாகச் செய்யச் சொல்லி, எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் குறியுங்கள். ஆறு பேரும் ஒரே இடத்தில் நின்றால் எல்லோருக்கும் அந்தப் பகுதி வேண்டும். ஒருவர் மட்டும் நின்றால் பக்கத்து மேசைக்காரர் சொல்லிக்கொடுத்தால் போதும். ஒன்று, நீங்கள் பார்க்கும்போது எல்லோரும் நிதானமாகத்தான் செய்வார்கள். மென்பொருள் ஓட ஆரம்பித்த இரண்டாம் வாரம் ரத்தான பில்களை எடுத்து இன்னொரு தடவை பாருங்கள்.