விடுபட்ட வருமானம்: நிரப்புவதா, வெயிட் ஏற்றுவதா?

"வீட்டு சர்வேயில் நிறையப் பேர் மாத வருமானத்தை மட்டும் சொல்லவில்லை, மற்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இருக்கிறது. சராசரி போட்டு நிரப்பலாமா, பதில் சொன்னவர்களுக்கு வெயிட் ஏற்றலாமா? எதில் வேரியன்ஸ் சரியாக வரும்?"

சராசரி வருமானம் மட்டும்தான் வேண்டுமென்றால், ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகச் செய்கிறவரை இரண்டு வழியிலும் ஒரே விடைதான் வரும். வித்தியாசம் அந்தச் சராசரிக்குப் பக்கத்தில் போடுகிற ஸ்டாண்டர்ட் எரரில்தான் இருக்கிறது. இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நிரப்பிய ஃபைலை அப்படியே மென்பொருளில் ஓட்டி, வந்த ஸ்டாண்டர்ட் எரரை ஓர் அறிக்கையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். உண்மையில் இருந்த நிச்சயத்தைவிட அதிக நிச்சயத்தை அந்த அறிக்கை காட்டியது. அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன். எண்கள் புரிவதற்காக நானே எடுத்துக்கொண்டவை.

எளிய குலுக்கல் முறையில் 400 வீடுகள். கிராமத்தில் 240, நகரத்தில் 160. கிராமத்தில் 216 வீட்டார் வருமானம் சொன்னார்கள்; சராசரி 14,000 ரூபாய், திட்ட விலக்கம் 6,000. நகரத்தில் பாதிப் பேர், அதாவது 80 வீட்டார்தான் சொன்னார்கள். சராசரி 26,000, திட்ட விலக்கம் 12,000. சொன்ன 296 பேரை மட்டும் வைத்துச் சராசரி எடுத்தால் 17,243 வரும். நகரத்துக்காரர்கள் பாதி காணாமல் போனதால் வந்த சரிவு இது.

சரி, வெயிட் ஏற்றுவோம். கிராமத்தில் ஒருவருக்கு 240/216, அதாவது 1.11. நகரத்தில் ஒருவருக்கு 160/80, அதாவது 2. சராசரி 18,800 ஆகிறது. இப்போது வெயிட்டை விட்டுவிட்டு, கிராமத்தில் விடுபட்ட 24 வீட்டுக்கும் 14,000, நகரத்தில் விடுபட்ட 80 வீட்டுக்கும் 26,000 என்று எழுதிப் பாருங்கள். அதே 18,800. பதில் சொன்ன நகரத்து வீட்டை இரண்டாக எண்ணுவதும், சொல்லாத வீட்டுக்கு நகரத்துச் சராசரியைக் கொடுப்பதும் கணக்கில் ஒன்றுதான்.

இந்த 18,800-இன் உண்மையான ஸ்டாண்டர்ட் எரர் சுமார் 659. வெயிட் ஏற்றிய 296 வரிகளை சர்வே மென்பொருளில் கொடுத்தால் 700-ஐ ஒட்டி வரும். கொஞ்சம் கூடுதல், ஆனால் பாதுகாப்பான பக்கம். சராசரி போட்டு நிரப்பிய 400 வரிகளைக் கொடுத்தால் 455 வரும். அந்த ஃபைலைத் திறந்து நகரத்து வருமானத்துக்கு ஒரு ஹிஸ்டோகிராம் போட்டால் காரணம் கண்ணுக்கே தெரியும்: சரியாக 26,000-இல் 80 வீடுகள் ஒரே தூணாக நிற்கும். அந்த 80 பேரிடையே மாறுபாடு துளிகூட இல்லை. போதாததற்கு மென்பொருள் 296-க்குப் பதில் 400-ஆல் வகுக்கிறது. மாறுபாடு இரண்டு பக்கமும் அடிவாங்குகிறது. பத்தாயிரத்துக்குக் கீழ் எத்தனை குடும்பம் என்று யாராவது கேட்டால் அந்தப் பதிலும் தப்பாகத்தான் வரும், நிரப்பிய வீடு ஒன்றுகூட அதில் விழாது.

அப்புறம் பலரும் போகிற வழி ஹாட் டெக். விடுபட்ட வீட்டுக்கு அதே பகுதியில் பதில் சொன்ன ஒரு வீட்டைக் குலுக்கி எடுத்து, அதன் வருமானத்தைக் கொடுப்பது. அமெரிக்காவின் கரன்ட் பாப்புலேஷன் சர்வேயில் இந்த முறைதான் பல ஆண்டுகளாக இருக்கிறது. தூண் மறைந்துவிடும், பரவல் இயல்பாக இருக்கும். ஆனால் மென்பொருள் தருகிற ஸ்டாண்டர்ட் எரர் 533. இந்த எண்ணை நின்று கவனியுங்கள்: 400 வீட்டாரும் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் வந்திருக்கக்கூடிய ஸ்டாண்டர்ட் எரர் இது. 104 பேர் சொல்லாமல் விட்டதற்கு ஒரு பைசாகூட விலை கொடுக்காத எண். உண்மையிலோ குலுக்கல் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் அலைவைச் சேர்க்கிறது, அதனால் சரியான ஸ்டாண்டர்ட் எரர் 715-க்கு ஏறுகிறது.

அப்படியானால் வெயிட்டோடு நின்றுவிடலாமே என்று தோன்றும். வருமானம் என்ற ஒரே கேள்விதான் என்றால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் வருமானம் சொல்லாதவர் கடனைச் சொல்லியிருப்பார், கடனைச் சொல்லாதவர் நிலத்தைச் சொல்லியிருப்பார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வெயிட் பத்தி வேண்டும். வருமானத்தையும் கடனையும் சேர்த்து அட்டவணை போட்டால் எந்த வெயிட்? ஒரு அட்டவணையின் மொத்தம் அடுத்த அட்டவணையோடு ஒட்டாது. அந்த 104 வீட்டார் உட்கார்ந்து சொன்ன மற்ற பதில்களும் வருமானக் கணக்கில் வீணாகும். அதனால்தான் வீடே கிடைக்காவிட்டால் வெயிட், ஒரு கேள்வி மட்டும் விடுபட்டால் நிரப்புதல் என்ற வழக்கம் நிலைத்தது. உங்களுக்கும் நான் அதையே சொல்வேன். நிரப்புங்கள், ஆனால் ஒரு தடவை மட்டும் நிரப்பாதீர்கள்.

புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1987-இல் புத்தகமாகவே எழுதிய பன்முறை நிரப்புதலில், 20 தடவை நிரப்பி 20 ஃபைல் செய்து, ஒவ்வொன்றிலும் சராசரியும் அந்தச் சராசரியின் மாறுபாடும் எடுக்கிறோம். மாறுபாடுகளின் சராசரி `W`, 20 சராசரிகளுக்குள் இருக்கிற மாறுபாடு `B`. நிரப்பிய தடவை `M`, இங்கே 20. மொத்த மாறுபாடு `T`, அதன் வர்க்கமூலம்தான் ஸ்டாண்டர்ட் எரர்:

`T = W + (1 + 1/M) * B`

இங்கே ஒரு குழி இருக்கிறது, அதில் விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதே ஹாட் டெக்கை 20 தடவை திரும்ப ஓட்டினால் போதும் என்று நினைப்பார்கள். நம் எண்களில் அப்போது `W` 284,400, `B` வெறும் 77,400. ஸ்டாண்டர்ட் எரர் சுமார் 605, இன்னும் குறைவுதான். ஏனென்றால் கொடையாளியாக இருக்கிற அந்த 80 நகரத்து வீடுகளே ஒரு தற்செயலான கூட்டம். வேறு 80 பேர் பதில் சொல்லியிருக்கலாம். அந்தச் சந்தேகமும் கணக்கில் வர வேண்டும். அதற்கு ஒவ்வொரு தடவையும், ஒவ்வொரு பகுதிக்குள்ளும், முதலில் கொடையாளிகளையே ஒரு முறை குலுக்க வேண்டும்:

```r
d2   <- sample(donors, length(donors), replace = TRUE)
fill <- sample(d2, n_miss, replace = TRUE)
```

ஒரே ஒரு வரிதான் கூடுதல். `B` 150,000 ஆகிறது, ஸ்டாண்டர்ட் எரர் 665. உண்மையான 659-க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம், 6 மிச்சம் 20 தடவையோடு நிறுத்தியதால் வருவது. நிரப்பிய வரிகளுக்கு ஒரு குறிப் பத்தி கட்டாயம் வையுங்கள். அது இல்லாமல் உங்களுக்குப் பின் வருகிறவர் இதில் எதையும் செய்ய முடியாது.

இத்தனையும், ஒரே பகுதிக்குள் சொன்னவரும் சொல்லாதவரும் ஒரே மாதிரி ஆட்கள் என்ற அனுமானத்தில்தான் நிற்கிறது. நகரத்தில் பணக்காரர்களே அதிகம் மறைத்தார்கள் என்றால் வெயிட்டும் காப்பாற்றாது, நிரப்புதலும் காப்பாற்றாது. தப்பான சராசரிக்குச் சரியான ஸ்டாண்டர்ட் எரர் கிடைக்கும், அவ்வளவுதான். உங்கள் படிவத்தில் மாதச் செலவோ மின்கட்டணமோ இருந்தால், நகரத்தில் வருமானம் சொன்ன 80 வீட்டையும் சொல்லாத 80 வீட்டையும் அதில் ஒப்பிட்டுப் பாருங்கள். சொல்லாதவர்களின் செலவு தூக்கலாக இருந்தால், நகரம் என்று ஒரே கட்டாக வைக்காமல் செலவை வைத்து இரண்டு மூன்றாகப் பிரித்து, கொடையாளியை அதற்குள் தேடுங்கள்.