12,000 வெள்ளிக் கடன், ஒரு வருஷத்தில் 1,864 தான் குறைந்ததா?

கேள்வி: ஐயா, அப்பா செம்பனை ஆலையில் வேலை செய்கிறார். போன வருஷம் ஒரு ஏஜெண்ட் மூலமாக வங்கியில் 12,000 வெள்ளி கடன் எடுத்தார். 5 வருஷம், மாதம் 267. வட்டி 6.7 சதவீதம்தான் என்றார்கள். ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அட்டவணைப் படத்தில் முதல் மாத வட்டியே 120 என்று இருக்கிறது. ஒரு வருஷம் கட்டியும் பாக்கி 10,136 என்கிறது. ஏஜெண்டுக்கு 840 வேறு கொடுத்தோம். ஏமாந்துவிட்டோமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

உங்கள் படத்தில் உள்ள கணக்கு சரியாகவே இருக்கிறது. வங்கி அந்த அட்டவணையில் தப்பு செய்யவில்லை. 840 வெள்ளி விஷயம் வேறு. அதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் அட்டவணை.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடமிருந்து வலமாக மாதத்தின் எண், பிறகு அன்சுரான், ஃபாயேடா, போக்கோக், பாக்கி என்று போகும். அன்சுரான் என்பது மாதத் தவணை. அதில் ஃபாயேடா வட்டிக்குப் போகிறது, போக்கோக் அசலைக் குறைக்கிறது. பாக்கி, அசலில் இன்னும் நிற்கும் தொகை. முதல் வரிசையில் 267, 120.00, 147.00, 11,853.00 என்று இருக்கிறது. வட்டியையும் அசலையும் கூட்டினால் தவணை வரவேண்டும். 120-உம் 147-உம் சேர்ந்து 267, சரி. முந்தைய பாக்கியிலிருந்து அசலைக் கழித்தால் புதுப் பாக்கி வரவேண்டும். 12,000-இல் 147 போனால் 11,853, அதுவும் சரி.

மூன்றாவது சோதனைதான் முக்கியம். வட்டியை முந்தைய பாக்கியால் வகுத்து, 12-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

```
120.00 ÷ 12,000.00 × 12 = 0.12
118.53 ÷ 11,853.00 × 12 = 0.12
```

இரண்டு வரிசையிலும் 0.12, அதாவது வருஷத்துக்கு 12 சதவீதம். இடையில் எங்காவது ஒரு வரிசையையும் இப்படிப் பார்த்துவிட்டால் போதும், 60 வரிசையையும் போட வேண்டியதில்லை. இந்த எண் மாறாமல் இருந்தால், வட்டி அந்தந்த மாதம் நிற்கும் கடனுக்கு மட்டும்தான் போடப்படுகிறது என்று பொருள். கடன் பெரிதாக இருக்கும்போது வட்டியும் பெரிதாக இருக்கும். அதனால்தான் முதல் வருஷம் கட்டிய 3,204-இல் சுமார் 1,340 வட்டிக்குப் போய், 1,864 மட்டும் அசலில் கழிந்திருக்கிறது. 59-ஆவது வரிசைக்கு வந்தால் வட்டி 5 வெள்ளி சொச்சம்தான் இருக்கும், மற்றதெல்லாம் அசல்.

அப்படியானால் 6.7 எங்கிருந்து வந்தது? அது பொய்யில்லை, ஆனால் முழுசும் இல்லை. 12,000-க்கு 6.7 சதவீதம், 5 வருஷம் என்றால் 4,020. அதை 12,000-உடன் சேர்த்து 60-ஆல் வகுத்தால் 267. தவணை ஒத்துப்போகிறது, பார்த்தீர்களா? இதைத்தான் ஃபிளாட் வட்டி என்கிறார்கள். கல்யாணத்துக்கு 60 நாற்காலி வாடகைக்கு எடுத்து, மாதம் ஒன்றாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம்வரை 60-க்கும் வாடகை போடுவது மாதிரி. திருப்பிக் கொடுத்த அசலுக்கும் சேர்த்து வட்டி போட்டால் வீதம் சின்னதாகத் தெரியும். 3 முதல் 5 வருஷக் கடனுக்கு ஃபிளாட் வீதத்தை 1.8-ஆல் பெருக்கினால் உண்மையான வீதம் ஏறக்குறைய வந்துவிடும். 6.7-ஐப் பெருக்கினால் 12. உங்கள் அட்டவணை சொல்வதும் அதையேதான்.

ஒரே கடனுக்கு இரண்டு வீதம், அதில் சின்னது விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில், பெரியது உள்ளே பொடி எழுத்தில். தோட்டத்திலும் ஆலையிலும் வேலை பார்ப்பவர் எந்த எண்ணை எதோடு ஒப்பிடுவார்? எத்தனை வருஷமாக நடக்கிறது இது! கவுண்டரில் கேட்டால் செயலியில் பாருங்கள் என்கிறார்கள், செயலியில் அட்டவணையே இருப்பதில்லை. கடைசியில் சனங்கள் ஏஜெண்டின் கைப்பேசியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

மூன்றாவது சோதனையில் எண் மாறிக்கொண்டே போனால் ஃபாயேடா வரிசையை மேலிருந்து கீழே பாருங்கள். எல்லா மாதமும் 67 என்றே நின்றால் அது நேரடி ஃபிளாட். 131.80, 129.61, 127.41 என்று ஒவ்வொரு மாதமும் ஒரே அளவு, இங்கே சுமார் 2.20, குறைந்துகொண்டே போனால் அது ‘ரூல் ஆஃப் 78’ முறை. மொத்த வட்டி அதே 4,020-தான், ஆனால் முன்மாதங்களில் கொஞ்சம் அதிகமாக ஏற்றி வைத்திருப்பார்கள். அந்த முறையாக இருந்திருந்தால் உங்கள் அப்பாவின் பாக்கி இப்போது சுமார் 10,233 ஆக இருந்திருக்கும், ஏறக்குறைய 97 வெள்ளி கூடுதல். கடைசிவரை கட்டுபவருக்கு வித்தியாசம் இல்லை, முன்கூட்டியே முடிப்பவருக்குத்தான் அடி.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பார்த்துப் பயந்து பலர் சண்டைக்குப் போகிறார்கள். சில வங்கிகள் வட்டியை நாள் கணக்கில் போடும். அப்போது மாதச் சோதனை சரியாக வராது. 11,853 பாக்கிக்கு 12 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 3.90 வெள்ளி. 31 நாள் மாதத்தில் வட்டி 120.80, பிப்ரவரியில் 109.11. அதற்கு அடுத்த மாதம் வட்டி மறுபடி ஏறும். கடன் குறைந்துகொண்டு வரும்போது வட்டி ஏறுகிறதே என்று பதற வேண்டாம். முதல் தவணையில் இது இன்னும் பெரிதாகத் தெரியும். பணம் மாத நடுவில் கைக்கு வந்து, முதல் தவணை 45 நாள் கழித்து விழுந்தால், முதல் வட்டி 177 வெள்ளிக்கு மேல் போகும், அசலில் 90 கூடக் கழியாது. அதுவும் சரியான கணக்குதான். இப்படிப்பட்ட அட்டவணையில் 12-ஆல் பெருக்காமல், நாட்களால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள்.

```
177.53 ÷ 12,000.00 ÷ 45 × 365 = 0.12
```

நாட்கணக்கில் போட்டும் வீதம் மாதத்துக்கு மாதம் தாறுமாறாக ஆடினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இனி அந்தப் படம். அது வங்கி கொடுத்த காகிதமா, ஏஜெண்ட் தானே கணினியில் அடித்த அட்டவணையா என்பதைப் படத்தை வைத்து மட்டும் உறுதி செய்ய முடியாது. மேலே வங்கியின் பெயர், உங்கள் அப்பாவின் கடன் கணக்கு எண், கடன் தொகை மூன்றும் தெரிகிறதா பாருங்கள். தலைப்பு வெட்டப்பட்ட படத்தை நான் அட்டவணையாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். இரண்டாம் பக்கம் இருக்கிறதா, 60-ஆவது வரிசையில் பாக்கி சுழியத்துக்கு வருகிறதா என்றும் பாருங்கள். கடைசித் தவணை 267-ஐவிட 5 வெள்ளி போலக் குறைவாக இருந்தால் அது சில்லறை சரிக்கட்டுவது, குற்றமில்லை. மங்கலான எண்ணை ஊகிக்காதீர்கள். இரண்டாவது வரிசையின் அசல் 148.47-ஆ 143.47-ஆ என்று தெரியாவிட்டால், 267-இலிருந்து 118.53-ஐக் கழித்தால் 148.47 என்று கணக்கே சொல்லிவிடும். பிறகு சம்பளச் சீட்டையோ வங்கிக் கணக்கையோ எடுத்து, மாதம் பிடிப்பது 267-தானா, 282-ஆ என்று பாருங்கள். படத்தில் ஒன்று, பிடித்தத்தில் ஒன்று என்று இருந்தால் அங்கேதான் திருட்டு.

840-க்கு வருகிறேன். கடன் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி ஆயிரத்துக்கு 5 வெள்ளி, 12,000-க்கு 60. அது அரசாங்கத்துக்குப் போவது. அதைக் கழித்து, ஏஜெண்டுக்கும் கொடுத்த பின் அப்பா கையில் நின்றது 11,100. ஆனால் கட்டுவது 12,000-க்கான தவணை. கையில் வந்த பணத்தை வைத்துக் கணக்குப் போட்டால் வட்டி 12 சதவீதம் இல்லை, சுமார் 15.5. இந்த உயர்வு அட்டவணையின் எந்த வரிசையிலும் தெரியாது. அதனால்தான் இந்த ஆட்களுக்கு இது வசதி. கடன் வாங்கித் தருகிறேன் என்று கையில் ரொக்கம் கேட்பவர், ரசீது தராதவர், ஏடிஎம் கார்டையும் ஐசியையும் வாங்கி வைத்துக்கொள்பவர், வெற்றுப் பாரத்தில் கையெழுத்துக் கேட்பவர், யாராக இருந்தாலும், உறவுக்காரராகவே இருந்தாலும், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இன்னும் ஒன்று நடக்கப்போகிறது, இப்போதே சொல்லிவைக்கிறேன். அதே ஆள் திரும்பி வருவார். “அண்ணே, பாக்கி பத்தாயிரம்தானே, நாங்கள் அடைத்துவிடுகிறோம், புதுசாக இருபதாயிரம் எடுத்துக்கொள்ளுங்கள்” என்பார். ஓவர்லேப் என்று பெயர். பழைய கடனை அவர் பணத்தில் அடைத்து, புதுக் கடன் வந்ததும் அதற்குத் தனிக் கமிஷன் பிடிப்பார். அப்பாவோ 12-ஆம் வரிசையிலிருந்து மறுபடி 1-ஆம் வரிசைக்குப் போவார். அதே 12 சதவீதத்தில் 20,000-க்கு முதல் மாத வட்டி மட்டும் 200. ஒரு வருஷமாக வட்டியைக் கட்டி அசல் கரையத் தொடங்கிய நேரத்தில், வட்டி கனமாக விழும் மாதங்களை இரண்டாவது முறை விலைக்கு வாங்குவதுதான் இது. தவணை கட்ட முடியாத நிலை வந்தால் பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனம் ஏகேபிகே இருக்கிறது, ஆலோசனைக்கு ஒரு சென் கேட்க மாட்டார்கள்.

இந்த வாரம் அப்பாவையே கிளைக்கு அழைத்துப் போங்கள். இன்றைய தேதி வரைக்குமான கணக்கு அறிக்கையைக் கேளுங்கள். அட்டவணை என்பது முதல் நாள் போட்ட திட்டம்தான், தவணை ஒன்று தாமதமாகியிருந்தாலும் உண்மைப் பாக்கி அதில் இருக்காது. முன்கூட்டியே முடிக்கும் எண்ணம் இருந்தால், எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள், படத்தில் உள்ள 10,136-ஐ நம்பிப் பணம் திரட்டாதீர்கள். கூடவே, தங்கள் கிளை அந்த ஏஜெண்டை நியமித்ததா, 840 வாங்க அனுமதித்ததா என்று கேட்டு, பதிலையும் எழுத்தில் கேளுங்கள். இல்லை என்று எழுதித் தந்தால், அந்தக் கடிதத்தோடும், பணம் கொடுத்ததற்கான வாட்ஸ்அப் பேச்சோடும் போலீஸில் புகார் கொடுக்கலாம். அதற்குமுன் அந்தப் பேச்சை அழித்துவிடாமல் அப்படியே வைத்திருங்கள்.